இரண்டு சுற்று கார்பன் போதுமா? ஒரு பழைய தூணின் கணக்கு

கேள்வி: "வீடு 1987-ல் கட்டியது. தரைத்தளமும் ஒரு மாடியும். மேலே இன்னொரு மாடி எழுப்ப ஆசை. கீழ்த்தளத் தூண் 9 × 12 அங்குலம், 16 எம்எம் முறுக்குக் கம்பி நாலு. தூணில் துளையிட்டுக் கோர் எடுத்துப் பார்த்ததில் கான்கிரீட் பலம் 12 மெகாபாஸ்கல், அதாவது 12 எம்பிஏதான் வந்தது. ஃபுட்டிங் நாலரை அடி சதுரம் என்கிறார் அப்பா. ஒருவர் கார்பன் ஃபைபர் ரெண்டு சுற்று சுற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் ஜாக்கெட் போடாமல் தொடவே கூடாது என்கிறார். எதில் எவ்வளவு பலம் கூடும், அதை எப்படிக் கணக்குப் போடுவது?"

இந்தத் தூணுக்கு ஃபைபர் போதாது. தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் உறை போடுகிற ஜாக்கெட் போதும், ஆனால் அதைச் சொன்னவர் நினைக்கிற காரணத்தால் இல்லை. இரண்டுக்கும் முன்னால், தூணின் அடி அஸ்திவாரமான ஃபுட்டிங் தடுக்கிறது. கணக்கைப் போட்டே காட்டுகிறேன். நீங்கள் தராத அளவுகளுக்கு இந்த மாதிரி வீடுகளில் வழக்கமாக இருப்பதை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அளந்து அந்த இடத்தில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் சுமை. நடுத் தூண் ஒன்று ஒவ்வொரு தளத்திலும் 14 சதுர மீட்டர் தாங்குகிறது என்று வையுங்கள். தளம், தரைப்பூச்சு, பீம், 9 அங்குலச் செங்கல் சுவர், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்தால் ஒரு மாடிக்குச் சுமார் 180 கிலோநியூட்டன் இறங்கும். 10 கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு டன், ஆக 18 டன். சுவர் இல்லாத மொட்டை மாடிக்கு 115. இன்றைக்குக் கீழ்த்தளத் தூணில் இருப்பது 180 + 115 = 295. இன்னொரு மாடி ஏறினால் 475. கீழ்த்தளச் சுவர் பிளின்த் பீமில் நிற்பதால் தூண் கணக்கில் வராது. டிசைன் சுமைக்கு 1.5-ஆல் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் இன்று 442, மாடி எழுப்பிய பிறகு 712.

இப்போது தூணிடம் என்ன இருக்கிறது? பூச்சைத் தட்டிப் பார்த்தால் 16 எம்எம் கம்பி 16 ஆகவே இருக்காது. துருவைச் சுரண்டி வெர்னியரில் அளந்தால் 15 வந்தாலே நல்லது. நாலு கம்பிக்கு 707 சதுர மி.மீ. இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456-ல் உள்ள குட்டைத் தூண் சூத்திரத்தில் போடுவோம். Pu தூண் தாங்கும் டிசைன் சுமை, fck கான்கிரீட் பலம், Ac 230 × 300 மி.மீ. தூணில் கம்பி போக மிஞ்சும் பரப்பு, fy கம்பியின் பலம், Asc கம்பியின் பரப்பு:

```
Pu = 0.4 × fck × Ac + 0.67 × fy × Asc
   = 0.4 × 12 × 68,293 + 0.67 × 415 × 707
   = 328 + 197 = 525 kN
```

இருக்கிற 442-க்கு 525 தாங்கும். வரப்போகிற 712-க்கு 187 குறைகிறது. இந்த 187-தான் நாம் தேடுகிற எண்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சூத்திரம் சுமை தூணின் நட்டநடுவில் விழுகிறது என்று நம்புகிறது. சுமை நடுவிலிருந்து விலகுவது தூண் பக்கத்தின் 0.05 பங்குக்குள் இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம் என்பது நிபந்தனை. உங்கள் தூணின் சின்னப் பக்கம் 230, அதில் 0.05 பங்கு என்றால் 11.5 மி.மீ. ஆனால் ஐ.எஸ். 456 எந்தத் தூணுக்கும் குறைந்தது 20 மி.மீ. விலகலை எடுக்கச் சொல்கிறது. ஆகவே 525 என்பது உச்ச வரம்பு, உண்மை அதற்குக் கீழேதான். 9 அங்குலத் தூண் எல்லாவற்றுக்கும் இந்தப் பிரச்சினை உண்டு. உங்கள் இன்ஜினியர் ஐ.எஸ். 456-க்கான டிசைன் கையேடான எஸ்.பி. 16-ன் சார்ட்டில் விலகலோடு சரிபார்க்க வேண்டும். நான் இங்கே எளிமைக்காக 525-ஐயே வைத்துக்கொண்டு போகிறேன்.

கோர் டெஸ்ட் செய்ததும் நல்ல காரியம். பலர் சுத்தியல் மாதிரி இருக்கிற ரீபவுண்ட் கருவியை வைத்துத் தட்டிவிட்டு 25 எம்பிஏ என்று எழுதித் தந்துவிடுவார்கள். முப்பது வருஷக் கான்கிரீட்டின் மேல்தோல் காற்றில் உள்ள கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும். அதைத் தட்டினால் உள்ளே இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும்.

ஃபைபர் எப்படி வேலை செய்கிறது

மணலைக் கொட்டினால் குவிந்து சரியும். அதையே சாக்கில் போட்டுக் கட்டினால் மேலே ஏறி நிற்கலாம். கான்கிரீட்டும் அப்படித்தான். நசுங்கும்போது அது பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். பிதுங்கவிடாமல் பிடித்தால் இன்னும் சுமை தாங்கும். 1928-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட்டும் அவர் சகாக்களும் சோதித்துச் சொன்னது, பக்கவாட்டில் 1 எம்பிஏ அழுத்திப் பிடித்தால் தாங்கும் பலம் சுமார் 4.1 எம்பிஏ கூடும் என்பது. ஃபைபருக்கு இன்று அமெரிக்க வழிகாட்டியான ஏ.சி.ஐ. 440.2ஆர் அதைக் கொஞ்சம் குறைத்து 3.3 என்று வைத்திருக்கிறது.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, சாக்கு இறுக்கமாவது மணல் பிதுங்கின பிறகுதான். ஃபைபரும் அப்படியே, தூண் நசுங்கத் தொடங்கும்வரை அது சும்மா இருக்கும். அன்றாடச் சுமையில் ஒரு டன்னைக்கூட அது எடுத்துக்கொள்வதில்லை. இரண்டாவது, சாக்கு எப்போதும் உருண்டையாகத்தான் பிதுங்கும். சதுர அட்டைப்பெட்டியைச் சுற்றிக் கயிற்றை இறுக்கிக் கட்டிப் பாருங்கள். கயிறு மூலைகளில் வெட்டும், நடுப்பக்கத்தில் விரலை நுழைக்கலாம். 9 × 12 தூணில் ஃபைபர் செய்வதும் இதேதான். மூலைகளில் பிடிக்கும், தட்டையான பக்கங்கள் வெளியே உப்பும்.

ஏ.சி.ஐ. சூத்திரம் இதை ஒரு குறைப்புக் காரணியாக வைத்திருக்கிறது:

```
fl  = 2 × Ef × n × tf × εfe / D
fcc = fc + 0.95 × 3.3 × κa × fl
```

இதில் fl என்பது ஃபைபர் தரும் பக்க அழுத்தம், Ef நாரின் விறைப்பு, tf அதன் தடிமன், εfe கணக்கில் எடுக்கும் நீட்சி, fc, fcc சுற்றுவதற்கு முன்னும் பின்னும் கான்கிரீட் பலம், κa வடிவத்துக்கான குறைப்பு, n சுற்றுகளின் எண்ணிக்கை, D செவ்வகத் தூணுக்கு மூலைவிட்டம், இங்கே 378 மி.மீ. சந்தையில் கிடைக்கும் 300 ஜி.எஸ்.எம். கார்பன் துணிக்கு நார் தடிமன் 0.167 மி.மீ., விறைப்பு 2,30,000 எம்பிஏ. நார் 1.5 சதவீதம் நீண்டால்தான் அறும் என்று கம்பெனி தாளில் இருக்கும். ஆனால் தூணைச் சுற்றியிருக்கும்போது அதற்கு வெகுமுன்னாலேயே கிழிந்துவிடும். அதனால் 0.55-ஆலும், சுற்றுச்சூழலுக்காக 0.95-ஆலும் பெருக்கி 0.0078 எடுக்கிறோம். ஒரு சுற்றுக்கு fl சுமார் 1.6 எம்பிஏ.

இனி வடிவம். மூலைகளை 25 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட்டாலும் தூணின் குறுக்கு வெட்டில் 56 சதவீதம்தான் உண்மையில் இறுக்கப்படுகிறது. பக்க விகிதத்துக்கு மறுபடி ஒரு 0.59. பெருக்கினால் κa = 0.33. அதாவது சுற்றின ஃபைபரில் மூன்றில் ஒரு பங்குதான் பலமாகிறது. மூலைகளைப் பெயருக்கு 13 மி.மீ. மட்டும் உருட்டினால் இது 0.27-க்கு இறங்கிவிடும். 25 மி.மீ. ஆரம் என்றால் கம்பி வெளியே வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மூலைவிட்டத் திசையில் 10 மி.மீ.தான் போகும்.

விடை இதுதான்: ஒரு சுற்றில் கான்கிரீட் பலம் 1.6 எம்பிஏ கூடுகிறது. கியூப் பலமாக மாற்றி ஐ.எஸ். சூத்திரத்தில் போட்டால் தூணுக்கு 56 கிலோநியூட்டன். 300 மி.மீ. விட்டமுள்ள உருண்டைத் தூணாக இருந்திருந்தால், இதே ஒரு சுற்று, கீழே வரும் ஏ.சி.ஐ. வரம்பைச் சேர்த்த பிறகும், 5 எம்பிஏ தந்திருக்கும். கார்பன் துணி ஒன்றுதான், தூணின் வடிவம்தான் வேறு.

சரி, ஒரு சுற்று 56 என்றால் நாலு சுற்று 224, வேலை முடிந்தது என்று தோன்றும். கான்ட்ராக்டர்கள் பலர் போடுகிற கணக்கும் இதுதான். இங்கே ஒரு தடை இருக்கிறது. இறுக்கிப் பிடித்த கான்கிரீட் பலம் காட்டுவதற்கு நிறைய நசுங்க வேண்டும். சுற்று கூடக்கூட அந்த நசுங்கலும் கூடுகிறது. 1 சதவீதத்துக்கு மேல் நசுங்கினால் உள்ளே கான்கிரீட் தூள் தூளாகப் போய்விடும், உறைக்குள் இருப்பது தூணாக இருக்காது என்று ஏ.சி.ஐ. அந்த இடத்தில் கோடு போட்டுவிடுகிறது. அந்தக் கோட்டை மதித்துப் போட்டால்:

```
1 layer  : +56 kN   -> 581
2 layers : +91 kN   -> 616
3 layers : +98 kN   -> 623
4 layers : +103 kN  -> 628
```

இரண்டாவது சுற்றோடு லாபம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. மூன்றாவது, நாலாவது சுற்றுக்குக் கொடுக்கும் பணம் வீண். தேவை 712, நாலு சுற்று சுற்றினாலும் 630-ஐத் தாண்டாது. "ரெண்டு சுற்று போதும்" என்றவர் கம்பெனி தாளில் உள்ள இழுவிசையைப் பார்த்துச் சொல்லியிருப்பார், உங்கள் தூணின் மூலைகளைப் பார்க்கவில்லை.

இதை வைத்து ஃபைபர் வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் உண்மையான இடம் வேறு. உங்கள் தூணில் கம்பிகளைச் சுற்றிக் கட்டிய ரிங் 6 எம்எம், ஒன்பது அங்குல இடைவெளியில், கொக்கி 90 டிகிரியில் மடித்தது என்றுதான் இருக்கும். அந்தக் காலத்து வழக்கம். நிலநடுக்கத்தில் தூண் இப்படியும் அப்படியும் ஆடும்போது அந்தக் கொக்கி விரிந்து கம்பி வளைந்து தூண் நொடியில் போய்விடும். அந்த இடத்தில் ஒரு சுற்று கார்பன் தூணைச் சிதறாமல் பிடித்துக்கொள்ளும், குறுக்கு வெட்டும் கூடாது, தூணின் விறைப்பும் மாறாது. சுமை கூட்டுவதற்கு இல்லை, சுமையோடு ஆடித் தாங்குவதற்கு. உருண்டைப் பாலத் தூண்களில் இரண்டுமே கிடைக்கும்.

இன்னொன்று, உங்கள் தூண் சுவருக்குள் புதைந்திருக்கிறது. ஃபைபர் நாலு பக்கமும் சுற்றி வந்து தன்மேலேயே 150 மி.மீ.க்குக் குறையாமல் மேவ வேண்டும். சுவரை இடிக்காமல் மூன்று பக்கம் ஒட்டினால் அது ஒட்டுப்போட்ட துணி, கட்டு இல்லை. கூடுதல் பலம் பூஜ்யம். கடலோர வீடென்றால் உப்பு ஏறிய கான்கிரீட்டின் மேல் அப்படியே சுற்றவும் கூடாது. கம்பி உள்ளே தொடர்ந்து துருப்பிடிக்கும், வெளியே விரிசல் தெரியாததால் யாருக்கும் தெரியாது. துருவைச் சரிசெய்துவிட்டுத்தான் சுற்ற வேண்டும். சுற்றி முடித்துப் பசை காய்ந்த பிறகு ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். "டக் டக்" என்று கேட்கிற இடம் சரி. "டொப்" என்று கேட்டால் உள்ளே காற்று நிற்கிறது. அந்த இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டு, ஊசி போட்டு எபாக்ஸி ஏற்றச் சொல்லுங்கள்.

ஜாக்கெட்: காகிதத்தில் ஒன்று, தூணில் ஒன்று

ஐ.எஸ். 15988 என்பது பழைய கான்கிரீட் கட்டடங்களைப் பலப்படுத்த 2013-ல் வந்த இந்திய வழிகாட்டி. ஜாக்கெட் தடிமன் குறைந்தது 100 மி.மீ., புதுக் கான்கிரீட் பழையதைவிட 5 எம்பிஏயாவது கூட, 8 எம்எம் ரிங் 100 மி.மீ. இடைவெளியில், கொக்கி 135 டிகிரியில் என்கிறது. நாலு பக்கமும் 100 வைத்தால் உங்கள் தூண் 430 × 500 ஆகிறது. நான் எம்25 கான்கிரீட், மூலைக்கு இரண்டாக எட்டு 12 எம்எம் கம்பி எடுத்துக்கொள்கிறேன். கம்பிகளை மூலையில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 9 அங்குல பீம் நடுவில் வரும், அதை உடைக்க முடியாது. மூலைகள் பீமுக்கு வெளியே இருப்பதால் தளத்தில் மட்டும் துளை போட்டுக் கம்பியை மேலே விடலாம்.

புது கான்கிரீட்டும் பழையதும் முழுதாக ஒன்றாக வேலை செய்யாது என்பதால் அதே வழிகாட்டி கணக்கில் வரும் கான்கிரீட்டைப் போல ஒன்றரை மடங்கும், கம்பியைப் போல 1.33 மடங்கும் போடச் சொல்கிறது. அதைத் திருப்பிப் போட்டு, நாம் போடும் கான்கிரீட்டை 1.5-ஆலும் கம்பியை 1.33-ஆலும் வகுத்துத்தான் பலம் பார்க்க வேண்டும். அப்படி வகுத்த பிறகும் ஜாக்கெட் மட்டும் சுமார் 1,200 கிலோநியூட்டன், பழையதோடு சேர்த்து 1,725. தேவை 712. ஜாக்கெட் சொன்னவர் இந்த எண்ணைக் காட்டித்தான் பேசுவார். இதை நம்பி வேலையை ஆரம்பிக்காதீர்கள்.

ஏனென்றால் நீங்கள் ஜாக்கெட் போடும் அன்று, 295 கிலோநியூட்டன் ஏற்கெனவே பழைய தூணின் தலையில் இருக்கிறது. புது கான்கிரீட் அதைச் சுற்றிச் சும்மா நிற்கிறது. அந்த 295-ல் ஒரு கிலோகூட அதற்கு வராது. இனிமேல் ஏறுகிற 180-ல்தான் பங்கு. அந்தப் பங்கும் விறைப்பைப் பொறுத்தது. பரப்பையும் கான்கிரீட் விறைப்பையும் பெருக்கிப் பார்த்தால் பழையதற்குக் கால் பங்கு, புதியதற்கு முக்கால் பங்கு. ஆக:

```
old core : 295 + 0.25 × 180 = 340   × 1.5 = 510 kN   (capacity 525)
jacket   :       0.75 × 180 = 135   × 1.5 = 203 kN
```

1,200 தாங்கக்கூடிய ஜாக்கெட்டுக்கு வேலையே இல்லை, 525 தாங்கும் பழைய தூண் 510-ல் மூச்சுப் பிடித்து நிற்கிறது. அந்த 525-கூட விலகலைச் சேர்க்காத எண் என்பது நினைவிருக்கிறதல்லவா? போதாததற்குப் புதுக் கான்கிரீட் காய்ந்து சுருங்கும், சுமையில் மெல்ல மெல்லத் தளரும். பழையது முப்பது வருஷத்தில் தளர வேண்டியதெல்லாம் தளர்ந்து முடித்துவிட்டது. அதனால் காலப்போக்கில் சுமை கொஞ்சம் பழைய தூணுக்கே திரும்பி வரும். கடைசி நிலையில் புது ரிங்குகள் பழைய தூணை இறுக்கிப் பிடிப்பதால் அது நசுங்கியும் சிதறாது, சுமை ஜாக்கெட்டுக்கு மாறும் என்பது நமக்குச் சாதகம்தான். ஆனால் அந்தச் சாதகத்தைக் கணக்கின் ஓரத்தில் வைத்துக்கொள்ளலாமே தவிர, அதையே நம்பி மாடி கட்டக் கூடாது.

வழி என்ன? சுமையை இறக்கிவிட்டு ஜாக்கெட் போடுவது. மேல்மாடியைக் காலி செய்து, தண்ணீர்த் தொட்டியை வடித்து, தூணை ஒட்டி வரும் எல்லா பீமுக்கும் கீழே முட்டு கொடுத்து, ஜாக்கியைத் திருகி இறுக்க வேண்டும். சும்மா முட்டு நிறுத்தினால் போதாது, திருகி ஏற்றினால்தான் சுமை முட்டுக்குப் போகும். முட்டு நிற்கிற தரையும் கெட்டியாக இருக்க வேண்டும், கீழே பலகை வைக்க வேண்டும். 295-ல் 60, 70 இறங்கினாலே அந்த 510 நிம்மதியான இடத்துக்கு வந்துவிடும். ஜாக்கெட் கெட்டியாகிப் பலம் வந்த பிறகு, குறைந்தது 14 நாள், முடிந்தால் 28 நாள் கழித்து முட்டுகளை எடுத்தால் இறக்கின சுமை இரண்டுக்குமாகப் பகிர்ந்து திரும்பும்.

இன்னொரு பக்கம் ஏறும் சுமையையே குறைக்கலாம். எனக்கு இது இன்னும் பிடித்த வழி. மேல்மாடிச் சுவரைச் செங்கல்லுக்குப் பதில் எடை குறைந்த 8 அங்குல ஏ.ஏ.சி. பிளாக்கில் கட்டினால் இந்தத் தூணுக்கு மட்டும் சுமார் 40 கிலோநியூட்டன் குறையும். நாலு டன்! அதற்கு எந்தத் தூணையும் கொத்த வேண்டியதில்லை.

ஜாக்கெட்டுக்குச் சுமை எப்படிப் போகிறது

அந்த 203 கிலோநியூட்டன் ஜாக்கெட்டுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று யாரும் கேட்பதில்லை. மேலிருந்து வரும் சுமை பழைய தூண் வழியாகவும் பீம் வழியாகவும் வருகிறது. பழைய முகத்துக்கும் புது கான்கிரீட்டுக்கும் நடுவில் உள்ள பிடிப்புதான் அதை மாற்றித் தர வேண்டும். பழைய தூணின் சுற்றளவு 1,060 மி.மீ. தலைப்பகுதியில் 600 மி.மீ. உயரத்துக்குள் மாற வேண்டும் என்று வைத்தால்:

```
203,000 / (1060 × 600) = 0.32 N/mm²
```

நன்றாகக் கொத்திச் சொரசொரப்பாக்கிய முகத்துக்கு இது தாங்கக்கூடிய எண். பூச்சு ஒட்டிய முகத்துக்குத் தாங்காது. பூச்சை முழுக்க எடுத்து, ஜல்லி கண்ணுக்குத் தெரியும்வரை, ஐந்தாறு மி.மீ. ஆழத்துக்குக் கொத்த வேண்டும். கொத்தினபின் கம்பி பிரஷ், பிறகு தண்ணீர். முந்தின நாளிலிருந்து நனைத்து, கான்கிரீட் போடும் நேரத்தில் முகம் ஈரமாக ஆனால் தண்ணீர் வழியாமல் இருக்க வேண்டும். எபாக்ஸி ஒட்டுப்பூச்சு அடிக்கலாமா என்று கேட்பார்கள். அடிக்கலாம், ஆனால் சென்ட்ரிங் அடைத்து கான்கிரீட் வருவதற்குள் அது காய்ந்துவிட்டால் ஒட்டுவதற்குப் பதில் வழுக்கும் தோலாகிவிடும். சித்திரை வெயிலில் அது காயாமல் இருக்க வைப்பது லேசான காரியம் இல்லை. நான் பெரும்பாலும் ஈர முகத்தையே நம்புவேன், கூடவே எல்-வடிவக் கம்பித் துண்டுகளைத் துளையிட்டு எபாக்ஸியில் பதித்துவிடுவேன்.

சில வருஷம் முன்னால் ஒரு வீட்டுக்குப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள். ஜாக்கெட் போட்டு மாடியும் எழுப்பியாகிவிட்டது, தளத்தில் விரிசல். தூணைப் பார்த்தால் கம்பீரமாக இருந்தது, ஒன்றரை அடி அகலம், பெயின்ட் வரை அடித்திருந்தார்கள். பீமுக்கு அடியில் பூச்சைச் சுரண்டினேன். பாக்கெட்டில் இருந்த இரும்பு ஸ்கேல் ஜாக்கெட் தலைக்கும் பீமுக்கும் நடுவில் நாலு விரற்கடை உள்ளே போனது. கான்கிரீட்டைப் பக்கவாட்டுக் கதவு வழியாக ஊற்றியிருக்கிறார்கள், மேலே நிரம்பவில்லை. மிச்ச இடத்தைச் சிமென்ட் பாலால் பூசி மறைத்துவிட்டார்கள். மாடிக்கு வேலை செய்தது பழைய 9 அங்குலத் தூண் மட்டும்தான். ஜாக்கெட் தன் எடையைத் தானே சுமந்துகொண்டு பக்கத்தில் நின்றது.

அதனால் கான்கிரீட்டை மேல் தளத்தில் துளை போட்டு அங்கிருந்து ஊற்றச் சொல்லுங்கள். ஜாக்கெட்டில் கவர் 40, ரிங், கம்பி எல்லாம் போக பழைய தூணுக்கு நடுவில் 40 மி.மீ. இடம்தான் இருக்கும். சாதாரண 20 எம்எம் ஜல்லி அதில் இறங்காது, வைப்ரேட்டர் ஊசியும் நுழையாது. 10 எம்எம்முக்கு மேல் போகாத ஜல்லியோடு தானாகப் பரவும் கான்கிரீட், அல்லது மூட்டையில் வரும் மைக்ரோ கான்கிரீட். துளையில் கான்கிரீட் தளத்துக்கு மேல் ஒரு சாண் நிற்கும்படி ஊற்றினால் அதன் எடையே மூலைமுடுக்கெல்லாம் தள்ளிவிடும். சென்ட்ரிங் பிரித்ததும் பீம் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் புகுந்தால் அன்றைக்கே சுருங்காத கிரவுட் ஏற்ற வேண்டும், பூசவிடக் கூடாது.

கீழே கம்பி ஃபுட்டிங்கில் பதிய வேண்டும், தரையோடு நிற்கக் கூடாது. தரை டைல்ஸை உடைக்க மனமில்லாமல் அங்கேயே ஜாக்கெட்டை ஆரம்பித்தவர்கள் நிறைய. அந்த ஜாக்கெட் சுமையை மண்ணிடம் சேர்க்காது, தரைக்குக் கீழே மறுபடி பழைய தூண்தான்.

முதல் மாடித் தூணையும் மறக்க வேண்டாம். இன்றைக்கு 115 தாங்குகிற அது நாளைக்கு 295 தாங்கப்போகிறது. கீழ்த்தளத் தூணின் இன்றைய நிலை அது. அளவும் கம்பியும் கீழே உள்ளது போலவே இருந்தால் பிழைக்கும். மேலே கம்பியை 12 எம்எம்மாகக் குறைத்திருந்தால் அங்கும் கணக்குப் போட வேண்டும்.

ஃபுட்டிங்

நாலரை அடி சதுரம் என்றால் 1.88 சதுர மீட்டர். ஃபுட்டிங், மேல் மண் எடைக்கு ஒரு பத்து சதவீதம் சேர்த்தால் இன்று மண்ணில் இறங்குவது சதுர மீட்டருக்கு 172 கிலோநியூட்டன். மாடி எழுப்பினால் 278. உங்கள் மண்ணின் தாங்குதிறன் 200 என்றால் இப்போது நன்றாக இருக்கிறது, அப்புறம் இருக்காது. 200-க்குள் அடக்க 2.6 சதுர மீட்டர் வேண்டும், அதாவது ஐந்தேகால் அடிக்கும் கொஞ்சம் கூடுதலான சதுரம். நாலு பக்கமும் அரை அடிக்குக் குறையாமல் புது கான்கிரீட் கூட்டி, பழைய ஃபுட்டிங்கில் துளையிட்டுக் கம்பி பதித்து இணைக்க வேண்டும். தூணுக்குச் சொன்ன அதே விஷயம் இங்கேயும் உண்டு, பழைய சுமை பழைய ஃபுட்டிங்கின் கீழேயே இருக்கும். புதுச் சுமையும் முதலில் அங்கேதான் போகும், மண் கொஞ்சம் அழுந்தின பிறகுதான் புது ஓரம் வேலைக்கு வரும். களிமண் வீடு என்றால் அந்த அழுந்தலே சுவரில் விரிசலாகத் தெரியும்.

ஆகவே தூணைத் தொடுவதற்கு முன்னால் ஒரு மூலையில் ஃபுட்டிங் வரைக்கும் தோண்டிப் பாருங்கள். அப்பா சொன்ன நாலரை அடி உண்மையா, ஆழம் என்ன, அடியில் என்ன மண் என்று பார்த்து, மண் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். நாலரை அடி என்று சொன்ன இடத்தில் மூன்றரை அடியை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மண் 150-தான் தாங்கும் என்று வந்தால் தூண் கணக்கு எதுவும் தேவையில்லை, மாடி யோசனையை ஷீட் கூரை போட்ட ஒரு அறையோடு நிறுத்திக்கொள்வதுதான் கையைக் கடிக்காது. 200-க்கு மேல் வந்தால், ஏ.ஏ.சி. சுவரோடு மாடி, ஃபுட்டிங் அகலப்படுத்தல், சுமை இறக்கிப் போடும் 100 மி.மீ. ஜாக்கெட், இந்த வரிசையில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எல்லாத் தூணுக்கும் தனித்தனியாகக் கணக்குக் கேளுங்கள். அவர் தரும் தாளில் ஜாக்கெட்டின் மொத்த பலம் மட்டும் இருந்து, பழைய தூணுக்கு எவ்வளவு சுமை போகிறது என்ற வரி இல்லாவிட்டால், அந்த வரியைக் கேட்டு வாங்குங்கள்.